‘நல்வரவு’ பலகையை அறிகுறி பார்த்துத் திருத்துவது எப்படி

சிங்கப்பூரில் கையால் எழுதித் தரச் சொல்லி அதிகம் கேட்கப்படும் தமிழ்ச் சொற்களில் ‘நல்வரவு’ ஒன்று. சமூக மன்ற வாசல், வீவக புளோக்கின் அடித்தளத்தில் நடக்கும் திருமண விருந்து, தேக்கா பக்கத்துக் கடை என்று எங்கும் தேவைப்படுகிறது. ஐந்தே எழுத்து. ஆனால் எழுத்துக் கலையில் வரக்கூடிய கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ஐந்துக்குள் வந்துவிடும். சுழி உள்ள எழுத்து மூன்று, கீழே இறங்கும் எழுத்து மூன்று, புள்ளி ஒன்று, இரட்டை நிமிர்கோடு உள்ள ‘ர’ ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, ‘வ’ இரண்டு முறை வருகிறது. ஒரே கை ஒரே நாளில் எழுதிய ஒரே எழுத்தின் இரண்டு பிரதிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது, வேறு அளவுகோல் தேட வேண்டியதில்லை.

கீழே சொல்வதெல்லாம் இந்தச் சொல்லை ஏ3 தாளில், 6 மி.மீ. தட்டை நிப்பால், 36 மி.மீ. உடல் உயரத்தில் எழுதியதாக வைத்துக்கொண்டு. உடல் உயரம் என்பது அடிக்கோட்டிலிருந்து எழுத்தின் தலைவரை. புள்ளியும் இறங்கும் கால்களும் கணக்கில் இல்லை. 36 என்றால் நிப்பைப் போல ஆறு மடங்கு. ரோமன் எழுத்துக்கு நாலைந்து மடங்கே போதும். தமிழுக்கு அது போதாது, ஏனென்றால் சுழிக்குள் வெள்ளை இடம் வேண்டும். நீங்கள் வேறு நிப் பயன்படுத்தியிருந்தால் அளவுகளை அதே விகிதத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

பார்வையிடும் முன் தாளைத் தலைகீழாகத் திருப்பி வையுங்கள். நேராக இருக்கும்வரை கண் வாசித்துக்கொண்டே இருக்கும். வாசிக்கும் கண்ணுக்குக் கோளாறு தெரியாது. இந்தச் சொல்லில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘நல்’ தனி, ‘வரவு’ தனி என்று பொருள் பிரிவதால், நடுவில் இல்லாத இடைவெளியும் இருப்பதுபோலத் தோன்றும். தலைகீழாக்கினால் அந்த மயக்கம் போய்விடும். ஒரு டிரேசிங் பேப்பர், மி.மீ. குறியிட்ட இரும்பு ஸ்கேல், கூரான பென்சில், இவ்வளவுதான் கருவி.

அறிகுறி 1: வரி வலப்பக்கம் சரிகிறது, அல்லது எழுத்துகள் மேலும் கீழும் ஆடுகின்றன

முதல் வேலை, நீங்கள் போட்ட பென்சில் கோடே நேராக இருக்கிறதா என்று பார்ப்பது. கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் இங்கே காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். குளிரூட்டப்பட்ட அறையில் கோடு போட்டு, தாளை வெளியே தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்து எழுதினால் அது ஈரத்தை இழுத்து விரியும். விரிவதும் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இருக்காது; நாரின் குறுக்கே அதிகம், நார்வாக்கில் குறைவு. மெல்லிய தாள் அலை அலையாகப் புடைத்துவிடும். இரும்பு ஸ்கேலைப் பென்சில் கோட்டின் மேல் வைத்துப் பாருங்கள். கோடே விலகினால் எழுத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. கோடு போடுவதையும் எழுதுவதையும் ஒரே அறையில் வைத்துக்கொள்ளுங்கள். தாளை அரை நாளாவது அந்த அறையிலேயே விரித்து வைத்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

கோடு சரிதான் என்றால் டிரேசிங் பேப்பரை மேலே வைத்து, ஒவ்வோர் எழுத்தின் உடலும் எங்கே தரை தொடுகிறதோ அங்கே ஒரு சின்னப் புள்ளி வையுங்கள். ‘வு’வின் கீழிறங்கும் காலையும், ‘ந’வின் வாலையும், ‘ர’வின் சாய்ந்த காலையும் சேர்க்காதீர்கள். இப்போது தாளை எடுத்துவிட்டு டிரேசிங் பேப்பரை மட்டும் பாருங்கள். புள்ளிகள் மூன்று விதமாக விழக்கூடும்.

முதல் விதம், வில்லைப்போல நடுவில் உயர்ந்து இரு முனையிலும் தாழ்வது. இது கையின் வேலை. முழங்கையை மேசையில் ஊன்றிவிட்டு முன்கையை மட்டும் இடமிருந்து வலமாக நகர்த்தினால் பேனா வட்டத்தின் ஒரு துண்டைத்தான் வரையும். இரண்டு எழுத்துக்கு ஒருமுறை தாளை இடப்பக்கம் இழுத்துக்கொண்டால் இது நின்றுவிடும். கை இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும், நகர வேண்டியது தாள்.

இரண்டாவது விதம், புள்ளிகளெல்லாம் அரை மி.மீ.க்குள் ஒழுங்காக இருப்பது, ஆனால் கண்ணுக்கு மட்டும் ஆடுவது. இங்கேதான் பலரும் குழம்பிப்போய் மறுபடியும் மறுபடியும் எழுதுவார்கள். ‘வ’வின் அடி தட்டை, அது கோட்டின் மேல் முழுநீளமும் படுத்திருக்கிறது. ‘ல’வின் அடி வளைவு, ஒரே ஓர் இடத்தில்தான் கோட்டைத் தொடுகிறது. இரண்டும் துல்லியமாக ஒரே கோட்டில் நின்றால் ‘ல’ மேலே மிதப்பதாகத் தெரியும். வளைவை 0.7 முதல் 1 மி.மீ. வரை கோட்டுக்குக் கீழே இறக்கித்தான் எழுத வேண்டும். அளந்தால் தவறு, பார்த்தால் சரி. வளைந்த தலைகளுக்கும் இதே கணக்கு உண்டு, ஆனால் மேலே கண் அவ்வளவு கண்டிப்பு காட்டுவதில்லை.

மூன்றாவது விதம், நான்கு ஒழுங்காக இருக்க ஓர் எழுத்து மட்டும் குதிப்பது. இதற்கான காரணம் பெரும்பாலும் எழுத்து முடிந்த இடத்தில் இல்லை, தொடங்கிய இடத்தில் இருக்கிறது. ‘ல’, ‘வ’ இரண்டையும் நாம் அடிக்கோட்டிலிருந்து தொடங்குவதில்லை. உள்ளே சுழியில் தொடங்கி, மேலே வளைந்து, அதன்பிறகுதான் கீழே இறங்குகிறோம். அடிக்கோட்டை அடைவது ஒரு தரையிறக்கம். சுழி 2 மி.மீ. கீழே தொடங்கினால் முழு எழுத்தும் அதைச் சுமந்துகொண்டு கீழே வரும். கை அதைப் பாதிதான் சரிக்கட்டும். அதனால் தலைக்கோடு, அடிக்கோடு இரண்டு மட்டும் போதாது. சுழி தொடங்கும் உயரத்தில் மூன்றாவது கோடு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். 36 மி.மீ. உடலுக்கு அடியிலிருந்து 15 மி.மீ. பொருத்தமான உயரம்.

ஓர் உதாரணத்தை அளந்தே பார்ப்போம். ‘கடைசி வு கீழே விழுகிறது’ என்ற புகாருடன் ஒரு தாள் வருகிறது. டிரேசிங் பேப்பரில் குறித்தால் ந, ல, ர மூன்றும் கோட்டிலேயே நிற்கின்றன. ‘வ’ 0.2 மி.மீ. கீழே, அது கணக்கே இல்லை. ‘வு’ 1.5 மி.மீ. கீழே. சுழி தொடங்கிய உயரத்தை அளந்தால் ‘வ’வில் 15, ‘வு’வில் 13. ஆக, விழுந்தது கடைசியில் இல்லை, தொடக்கத்திலேயே. கால் கீழே இறங்கப்போகிறது என்று கை முன்கூட்டியே தெரிந்துகொண்டு எழுத்தையே தாழ்த்தித் தொடங்கியிருக்கிறது. ‘பு’, ‘சு’, ‘யு’ எழுதும்போதும் இதே பழக்கம் தலைகாட்டும். இந்தத் தாளில் இரண்டாவது கோளாறு ஒன்றும் மறைந்திருக்கிறது. ‘ல’ கோட்டிலேயே நிற்கிறது, அதாவது 0.8 மி.மீ. இறங்காமல் மிதக்கிறது. இடப்பக்கம் மிதக்க, வலப்பக்கம் தாழ, சரிவு இருமடங்காகத் தெரிகிறது. ‘வு’வை மட்டும் தூக்கியிருந்தால் ‘இன்னும் ஏதோ சரியில்லை’ என்ற நிலைதான் மிஞ்சியிருக்கும்.

இறங்கும் கால்களின் நீளத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். ஒரு வெள்ளைக் காகிதப் பட்டையால் அடிக்கோட்டுக்குக் கீழே உள்ளதையெல்லாம் மறையுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் குற்றம் கால்களுடையது. ‘ந’வின் வாலும் ‘வு’வின் காலும் சொல்லின் இரு முனையிலும் நிற்கின்றன, இவை இரண்டும் ஒரே ஆழம், அதாவது 12 மி.மீ. இறங்கினால் வரி நிலைகொள்ளும். நடுவில் உள்ள ‘ர’வின் கால் 8 அல்லது 9 போதும். அலங்காரத்துக்காக ‘வு’வை மட்டும் 25 மி.மீ. இழுத்துவிட்டால், அடிக்கோட்டை எவ்வளவு துல்லியமாகப் பிடித்தாலும் சொல் வலப்பக்கம் சாயத்தான் செய்யும்.

அறிகுறி 2: ஓர் எழுத்து மட்டும் கருத்துத் தெரிகிறது, இன்னொன்று வெளுத்துத் தெரிகிறது

இதற்கு முதலில் கண்ணை நம்பலாம். தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு 3 மீட்டர் தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். அல்லது கைப்பேசியில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கி, மங்கலாக்கிப் பாருங்கள். சொல் முழுவதும் ஒரே சாம்பல் பட்டையாகத் தெரிய வேண்டும். எங்கே திட்டு தெரிகிறதோ அங்கே ஸ்கேலை வையுங்கள்.

தட்டை நிப்பில் கோட்டின் பருமனைத் தீர்மானிப்பது அழுத்தம் இல்லை, நிப்பின் கோணம். நிப்பின் விளிம்பு அடிக்கோட்டுடன் 30 பாகையில் இருந்தால் 6 மி.மீ. நிப் நிமிர்கோட்டை 5.2 மி.மீ. பருமனிலும், படுக்கைக் கோட்டை 3 மி.மீ. பருமனிலும் போடும். 45 பாகைக்குத் திரும்பிவிட்டால் இரண்டும் 4.2 ஆகிவிடும். 20 பாகைக்குப் படுத்தால் நிமிர்கோடு 5.6, படுக்கைக் கோடு 2. ஆகவே கோட்டை அளந்தாலே எழுதும்போது கை எந்தக் கோணத்தில் இருந்தது என்று சொல்லிவிடலாம். தமிழுக்கு இந்தக் கோணம்தான் மரபு என்று ஒன்று கிடையாது. ஓலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்துக்குத் தடித்த கோடும் மெல்லிய கோடும் கிடையாது. எதை வேண்டுமானாலும் தேர்ந்துகொள்ளலாம், ஆனால் ஒரு சொல்லுக்குள் மாறக்கூடாது.

அதே தாளில் ‘வ’வையும் ‘வு’வையும் அளப்போம். படுக்கைக் கோடு இரண்டிலும் 3 மி.மீ., ஒழுங்காக இருக்கிறது. நிமிர்கோடு ‘வு’வில் 5.2, ‘வ’வில் 4.6. வித்தியாசம் அரை மி.மீ.தான், ஆனால் தூரத்தில் ‘வ’ இளைத்துத் தெரிகிறது. 4.6 என்றால் நிப் 40 பாகையில் இருந்திருக்கிறது. ‘வ’வின் படுக்கைக் கோடு முடியும்வரை 30, நிமிரும்போது 40. ஏன்? பள்ளியில் பழகியபடி ‘வ’வை ஒரே இழுப்பில், கடைசிக் கோட்டைக் கீழிருந்து மேலாகத் தள்ளி எழுதியிருக்கிறார். தட்டை நிப்பை மேலே தள்ளும்போது அது தாளில் குத்தும், அதைத் தவிர்க்க விரல்கள் தாமாகவே நிப்பைத் திருப்பிக்கொள்ளும். ‘வு’வில் கால் கீழே போக வேண்டியிருப்பதால் அந்தக் கோட்டை மேலிருந்து கீழாக இழுத்திருக்கிறார், இழுத்த கோடு எப்போதும் முழுப் பருமனில் வரும்.

திருத்தம் எளிது. ‘வ’வைப் படுக்கைக் கோட்டின் முடிவில் நிறுத்தி, பேனாவைத் தூக்கி, தலைக்கோட்டிலிருந்து நிமிர்கோட்டைக் கீழே இழுத்து இணையுங்கள். ‘ல’வின் வலக்கை வளைவையும் இப்படியே மேலிருந்து இழுக்கலாம். எழுத்து வரிசைமுறையை மீறுகிறோமே என்று தயங்க வேண்டாம். இது எழுதுவது அல்ல, வரைவது.

சுழிகள் அடைத்துக்கொண்டு கறுப்பது வேறு கோளாறு. சுழிக்குள் இருக்கும் வெள்ளை, நிமிர்கோட்டின் பருமனுக்காவது சமமாக இருக்க வேண்டும். இங்கே 5 மி.மீ. அதற்குக் குறைந்தால் தூரத்தில் மைப்பொட்டாகிவிடும். மூன்று சுழிகளும் ஒரே அளவாக அடைத்திருந்தால் நிப் உயரத்துக்குப் பெரிது, 4.5 மி.மீ. நிப்புக்கு மாறுங்கள். ஒன்று மட்டும் அடைத்திருந்தால் அந்த எழுத்தை ஒடுக்கமாக எழுதியிருக்கிறீர்கள். அகலத்தை 3 மி.மீ. கூட்டினால் போதும். சுழியின் ஓரங்கள் பூஞ்சைபோல விரிந்திருந்தால் தாள் மையைக் குடிக்கிறது. ஈரமான நாளில் சாதாரண நகல் தாளில் இது நிச்சயம் நடக்கும். ஓரத்தில் ஒரு சோதனைக் கோடு போட்டு அளந்து பாருங்கள். 5.2 வர வேண்டிய இடத்தில் 5.8 வந்தால் தாளை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

புள்ளியைக் கடைசியில் அவசரமாக வைப்பதால் அதுவும் எடையைக் கெடுக்கும். ‘ல்’ மேலுள்ள புள்ளி 6 மி.மீ. குறுக்களவும், எழுத்தின் தலையிலிருந்து 6 மி.மீ. இடைவெளியும் கொண்டிருந்தால் போதும். சிறுத்தால் தூரத்தில் மறைந்து ‘நலவரவு’ ஆகிவிடும். பெருத்தால் சொல்லிலேயே கனமான பொருள் அதுதான் என்றாகிவிடும்.

அறிகுறி 3: எடை சரி, வரி சரி, ஆனாலும் சொல் ஓடவில்லை, எங்கோ தடுக்குகிறது

கோட்டின் நடை என்பது கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும் தாளம்தான். இந்தச் சொல்லில் தடுக்கும் இடம் அநேகமாக எப்போதும் ஒன்றே: ‘வர’. ‘வ’வின் நிமிர்கோடு, அடுத்து ‘ர’வின் இரண்டு நிமிர்கோடுகள் என்று மூன்று கம்பிகள் அடுத்தடுத்து நிற்கின்றன. சொல்லின் மற்ற பகுதியில் வளைவுகள் அதிகம். அதனால் இந்த மூன்று கம்பிகளுக்கு நடுவிலுள்ள இரண்டு வெள்ளைகளும் சமமாக இல்லையென்றால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

நம் தாளில் ‘வ’வுக்கும் ‘ர’வுக்கும் நடுவே 7 மி.மீ., ‘ர’வின் உள்ளே 11 மி.மீ. எழுதியவர் எல்லா எழுத்துகளுக்கும் நடுவே ஒரே 7 மி.மீ. இடைவெளி விட்டிருக்கிறார். ஒழுங்காக இருக்க வேண்டும் என்ற எண்ணம்தான், ஆனால் அங்கேதான் தவறு. வளைவுக்குப் பக்கத்தில் வரும் 7 மி.மீ.யில் மூலைகளின் வெள்ளையும் சேர்ந்துகொள்ளும். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே அந்தக் கூடுதல் வெள்ளை இல்லை. ஆகவே கம்பிக்குப் பக்கத்தில் கம்பி வந்தால் 10 அல்லது 11, கம்பிக்குப் பக்கத்தில் வளைவு வந்தால் 7 அல்லது 8 என்று தொடங்குங்கள். இந்த எண்கள் முதல் ஊகம் மட்டுமே. முடிவு செய்ய, எழுத்துகளுக்கு இடையிலுள்ள வெள்ளையை டிரேசிங் பேப்பரில் பென்சிலால் நிழலிட்டுப் பாருங்கள். நிழல்களின் பரப்பு ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், அகலம் இல்லை. ‘வ’ – ‘ர’ இடைவெளியை 10.5 ஆக்கினால் மூன்று கம்பிகளும் ஒரே நடையில் நிற்கும்.

அதன்பிறகும் தடுக்கினால் கம்பிகளின் சாய்வைப் பாருங்கள். ஒவ்வொரு நிமிர்கோட்டின் நடுவிலும் டிரேசிங் பேப்பரில் ஒரு நீண்ட கோடு இழுத்து மேலும் கீழும் நீட்டினால், 2 பாகை விலகல்கூடக் கத்தரிக்கோல்போல விரிந்து தெரியும். நின்றுகொண்டிருக்கும் எழுத்து எல்லாம் நிற்கலாம், சாய்ந்தால் எல்லாம் சாயலாம்.

நான்கு மொழிப் பலகையில்

தமிழ் மட்டும் தனியாக நன்றாக இருந்து, ஆங்கிலம், மலாய், சீனத்தோடு சேர்ந்ததும் கறுத்துத் தெரிவது சிங்கப்பூரில் அடிக்கடி வரும் புகார். தமிழ் எழுத்தை ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரத்துக்கே ஏற்றி, அதே நிப்பால் எழுதினால் அப்படித்தான் ஆகும். அதே உயரத்துக்குள் தமிழில் கோடுகள் அதிகம். நிமிர்கோட்டை ஆங்கிலத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு மெலிதாக்கிப் பார்த்து, மங்கலாக்கிய படத்தில் ஒப்பிடுங்கள். இறங்கும் கால்களுக்காக அடியில் குறைந்தது 15 மி.மீ. வெறுமையாக விடுங்கள். அந்த இடத்தை விடாமல், கால் மோதுகிறது என்று தமிழை மொத்தமாகச் சிறிதாக்கிவிடுவதுதான் பலகைகளில் வழக்கமாக நடக்கும் அநியாயம்.

எதைத் தாளிலேயே திருத்தலாம்

மெலிந்த கோட்டைத் தடிக்கச் செய்யலாம். அதே மையில் கூர்முனைப் பேனாவால், கோட்டின் உள்பக்கம் வெள்ளை அதிகம் உள்ள ஓரத்தில் சேர்க்கவும். 4.6ஐ 5.2 ஆக்குவது இப்படி ஐந்து நிமிட வேலை. தடித்ததை வெள்ளை போஸ்டர் கலரால் குறைக்கலாம், ஆனால் அசல் தாளாகவே மாட்டப்போவதானால் விளக்கொளியில் அந்த ஒட்டு தெரியும். அச்சுக்குப் போவதானால் கவலையில்லை.

இடைவெளியையும் அடிக்கோட்டையும் தாளில் திருத்த முயலாதீர்கள். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் ஒரு மி.மீ. ஏறக்குறைய 24 பிக்சல். ‘ல’வை 0.8 மி.மீ. இறக்க 19 பிக்சல், ‘வு’வை 1.5 மி.மீ. தூக்க 35 பிக்சல். ‘வு’வைத் தூக்கியதும் அதன் காலும் 1.5 மி.மீ. மேலே போயிருக்கும், அதை 12 மி.மீ.க்கு மறுபடி நீட்டிவிடுங்கள். ‘வ’ – ‘ர’ இடைவெளியைக் கூட்ட ‘ர’வையும் ‘வு’வையும் சேர்த்தே 3.5 மி.மீ., அதாவது 83 பிக்சல் வலப்பக்கம் நகர்த்த வேண்டும். ‘ர’வை மட்டும் நகர்த்தினால் தடுக்கல் அடுத்த இடைவெளிக்கு மாறிப்போகும். ஸ்கேன் வசதி இல்லையென்றால் டிரேசிங் பேப்பரில் எழுத்துகளைத் தனித்தனியாகப் பிரதியெடுத்து, வெட்டி, சரியான இடத்தில் ஒட்டி, அதன்மேல் புதுத் தாள் வைத்து ஒளிமேசையில் மறுபடி எழுதுங்கள். சுழிக்கோடு மூன்றாவதாகப் போட மறந்தால் ‘வு’ பழைய உயரத்திலேயே போய் உட்காரும்.